வீட்டுக்காரர் லீவுக்குள் ஐயுஐ: யாருக்காவது சரியாக அமைந்ததா?

கடையநல்லூர்:
எனக்கு 31 வயது, பிசிஓடி இருக்கிறது. வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்க்கிறார். இந்த முறை ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாக லீவு கிடைத்தது. ட்யூப் டெஸ்டில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, அவருக்கு அணுக்கள் கொஞ்சம் குறைவு. அதனால் முதலில், அணுக்களைக் கழுவிக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ செய்யலாம் என்றார் டாக்டர்.

எனக்குப் பீரியட்ஸ் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. அவர் வந்து இறங்கும் தேதியைச் சொன்னதும், அதை வைத்துக் கணக்குப் போட்டு முன்கூட்டியே மாத்திரை தந்து பீரியட்ஸை வரவழைத்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல் 2.5. ஒன்பதாம் நாள் ஸ்கேனில் முட்டை 11 மி.மீ., பதினொன்றாம் நாள் 15, பதின்மூன்றாம் நாள் 19. அன்று இரவு 10 மணிக்கு முட்டை வெடிக்கும் ஊசி. அதிலிருந்து 36 மணி நேரம் கழித்து, காலை 10 மணிக்கு ஐயுஐ. அவர் காலையிலேயே சாம்பிள் கொடுத்துவிட்டார். கழுவிப் பிரித்த பிறகு ஓடும் அணுக்கள் 90 லட்சம் என்று சீட்டில் எழுதியிருந்தது. உள்ளே செலுத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வலியும் பெரிதாக இல்லை. இரண்டு வாரம் கழித்து ரத்த டெஸ்ட் நெகட்டிவ்.

அடுத்த மாதம் அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் பதினான்காம் நாளும் முட்டை 13-ஐத் தாண்டவில்லை. அவர் ஃப்ளைட் ஏற வேண்டிய நாள் வந்துவிட்டது. சாம்பிளை உறைய வைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள், வைத்துவிட்டோம். இப்போது என் கேள்வி: அந்த சாம்பிளை வைத்து அடுத்த மாதம் ஐயுஐ செய்வதா, அடுத்த லீவு வரை காத்திருப்பதா, நேரே ஐவிஎஃப் போய்விடுவதா? அத்தை வீட்டில் எல்லாரும் ஐவிஎஃப் என்கிறார்கள்.

பாளை:
நேரே ஐவிஎஃப் போய்விடுங்கள் தங்கச்சி. ஐயுஐ பணத்துக்குப் பிடித்த கேடு. அதில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் நிற்கிறது, ஐவிஎஃபில் அறுபது பேருக்கு நிற்கும். எனக்கு முதலில் ஓர் இடத்தில் ட்யூப் டெஸ்டே எடுக்காமல் ஐயுஐ செய்தார்கள், திரும்பத் திரும்பச் செய்தார்கள். வேறு இடத்துக்கு மாறிய பிறகுதான் இரண்டு ட்யூபும் அடைப்பு என்று தெரிந்தது. ஒரு பக்கம் நீர் கோர்த்திருந்தது. அதை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டு ஐவிஎஃப் செய்தோம். பையன் இப்போது எல்கேஜி.

அம்பாசமுத்திரம்:
லீவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் மா. நான் பள்ளிக்கூட டீச்சர், ஐவிஎஃபுக்குப் பெரிய லீவே எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, அதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மயக்கம் கொடுத்து முட்டை எடுத்த அன்றும் மறுநாளும் மட்டும்தான் லீவு. ஸ்கேன் நாட்களில் முதல் பீரியடை வேறு டீச்சர் பார்த்துக்கொண்டார்.

கடையநல்லூர்:
அக்கா, நான் சொன்னது அவருடைய லீவை. ஆனாலும் நீங்கள் சொன்னது உதவும், நன்றி.

தென்காசி:
கருத்தரிப்பு மைய லேபில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பாளை தங்கச்சிக்கு ஐவிஎஃப்தான் சரி. இரண்டு ட்யூபும் அடைத்திருந்தால் முட்டையும் அணுவும் சந்திக்கவே வழியில்லை, எத்தனை ஐயுஐ செய்தாலும் வீண். நீர் கோர்த்த ட்யூபை முதலில் எடுத்ததும் சரியான காரியம். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் இறங்கினால் வைத்த கரு தங்குவது கஷ்டம்.

ஆனால் கடையநல்லூர் தங்கச்சியின் கதை வேறு. ட்யூப் நன்றாக இருக்கிறது, வயது 31. முட்டை தானாக வளர்ந்து வெடிப்பதில்லை என்பதுதான் முக்கியக் குறை, அதற்கு மாத்திரை கேட்கிறது. கழுவிய பிறகு 90 லட்சம் என்பது ஐயுஐக்குப் போதும். 50 லட்சத்துக்குக் கீழே போனால்தான் நாங்கள் யோசிப்போம்.

உறைய வைத்த சாம்பிளில்தான் சிக்கல். உருக்கும்போது ஓடும் அணுக்களில் ஏறக்குறைய பாதி போய்விடும். உங்கள் 90 லட்சம் 45-க்கு வந்து நிற்கும். அதை ஐயுஐக்குச் செலவழிக்க எனக்கு மனசு வராது. ஐவிஎஃபில் முட்டைக்குள் அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும், அதற்கென்று அப்படியே இருக்கட்டும்.

எண்களையும் கொஞ்சம் பார்க்கலாம். உங்களைப் போன்றவர்களுக்கு ஐயுஐ ஒரு முறைக்கு நூற்றில் பத்திலிருந்து பதினைந்து. 12 என்று வைத்தால், மூன்று முறைக்கு 36 ஆகாது. முதல் முறை நின்றவர்கள் போக மீதி 88 பேர்தான் அடுத்ததற்கு வருகிறார்கள். அப்படிப் பார்த்தால் மூன்று முறைக்குள் நிற்பது முப்பத்திரண்டு பேருக்கு. மூன்று நான்கு முறைக்கு மேல் அதே வழியில் போவதில் பெரிய பலன் இல்லை.

ஐவிஎஃப் அறுபது என்று யாராவது சொன்னால், எதற்கு அறுபது என்று கேளுங்கள். கரு வைத்தவர்களில் டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்களா, அல்லது ஊசி ஆரம்பித்தவர்களில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களா? முட்டை சரியாக வராமல், கரு ஐந்தாம் நாள் வரை வளராமல் பாதியில் நின்றவர்கள் முதல் கணக்கில் வரமாட்டார்கள். டெஸ்ட் பாசிட்டிவ் ஆகிப் பிறகு கலைந்தவர்களோ அதில் வெற்றியாகவே நிற்பார்கள். 35 வயதுக்குள் நல்ல இடத்தில் குழந்தை வரை போவது நூற்றில் நாற்பது, அதற்குக் கொஞ்சம் மேலே. 40 தாண்டிச் சொந்த முட்டை என்றால் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

பாளை:
எங்களிடம் அறுபது என்றுதான் சொன்னார்கள் அக்கா. எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இவளுக்குக் காலம் போகிறதே, ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வருடம் காத்திருந்தால் 35 ஆகிவிடாதா?

தென்காசி:
அது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. ஐவிஎஃபில் இவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பிசிஓடிக்காரர்களுக்கு முட்டை நிறைய வரும், அதனால் வயிறு வீங்கி மூச்சு முட்டும் அபாயமும் அதிகம். அதைத் தவிர்க்கப் பெரும்பாலும் கருவை உடனே வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு, உடம்பு தேறிய பிறகு வைப்பார்கள். கரு வைக்கும் நாளில் கணவரின் சாம்பிள் தேவையில்லை. அவர் கையெழுத்தை எப்படி வாங்குவார்கள் என்று மட்டும் உங்கள் மையத்தில் முன்பே கேட்டு வையுங்கள்.

ஐயுஐதான் என்றால் ஒன்று சொல்கிறேன். இரண்டாம் மாதம் முட்டை வளராததற்குக் காரணம் அளவு போதாததாக இருக்கலாம். 2.5-க்குக் கேட்காவிட்டால் 5, அதற்கும் கேட்காவிட்டால் 7.5 என்று ஏற்றுவார்கள். அவர் ஊரில் இல்லாத ஒரு மாதத்தில், ஸ்கேன் மட்டும் வைத்து, எந்த அளவுக்கு உங்கள் முட்டை கேட்கிறது என்று பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் வந்த பிறகு சோதித்துப் பார்க்க நாள் இருக்காது. முட்டை வளர்க்கும் ஊசி சேர்த்தால் மூன்று நான்கு முட்டை ஒன்றாக வளரலாம், அப்போது இரட்டை, மூன்று பிள்ளை பயத்தில் அந்த மாதத்தையே நிறுத்த வேண்டி வரும். அவரும் வந்து இறங்கிய மறுநாளே சாம்பிள் டெஸ்ட் கொடுக்க வேண்டாம். ரொம்ப நாள் இடைவெளி விட்டால் ஓட்டம் குறைந்து காட்டும். இரண்டிலிருந்து ஐந்து நாள் இடைவெளி சரி.

வள்ளியூர்:
முட்டை வெடிக்கும் ஊசி போட்டு ஒரு வாரத்தில் வீட்டு கார்டில் பார்க்காதீர்கள். அந்த ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டும். என் தங்கச்சி வீட்டில் இனிப்புக் கொடுத்து முடித்த பிறகு நெகட்டிவ் வந்தது. அந்த அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை.

கடையநல்லூர்:
இன்று டாக்டரிடம் போய் வந்தேன். அளவைச் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார், இந்தப் பீரியட்ஸ் இரண்டாம் நாளிலிருந்து 5 மில்லிகிராம். சாம்பிளை உறையில் வைக்க வருட வாடகை கட்டியாயிற்று. ரம்ஜானுக்கு அப்புறம் அவருக்கு லீவு, அந்த லீவுக்குள் இரண்டு ஐயுஐ. அதிலும் நிற்காவிட்டால் இக்ஸி என்று அவரும் ஃபோனில் சரி சொல்லிவிட்டார். அத்தையிடம் இன்னும் பேசவில்லை.