9ஆம் வகுப்பு விவாதம்: சான்று அட்டை கொடுத்தும் சத்தமாகப் பேசுகிறவரே ஜெயிக்கிறார், என்ன செய்யலாம்?

கரும்பலகை

9ஆம் வகுப்பு, 38 பேர், 45 நிமிடப் பீரியட். தலைப்பு: "ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை போட்டது சரியான வழி". அணிக்கு நான்கு பேர், ஒரு நேரக் காப்பாளர், மூன்று மாணவ நடுவர்கள். மீதிப் பேர் பார்வையாளர்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆறு சான்று அட்டைகள் தயார் செய்து கொடுத்தேன்.

நடந்தது இது. பாதிப் பேர் அட்டையை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் அதைத் தொடவே இல்லை, டிவி பட்டிமன்றம் மாதிரி கதை சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார்கள். எதிரணிப் பையன் ஒருவன், "மஞ்சப்பையை 7,100 தடவை தூக்கினால்தான் பிளாஸ்டிக் பைக்குச் சமம்!" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினான். வகுப்பே அதிர்ந்தது. ஆதரவு அணிக்குப் பதில் தெரியவில்லை.

மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, கருத்து, உடல்மொழி, சான்று, நேரம் என்று ஐந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் 10. கதை சொன்ன பையனுக்கு 9, 8, 9, 3, 8. மொத்தம் 37. அட்டையை நன்றாகப் பயன்படுத்திய ஒரு பெண்ணுக்கு 5, 8, 5, 9, 7. மொத்தம் 34. தப்பு எங்கே இருக்கிறது? அட்டையிலா, தாளிலா?

மேடைப்பேச்சு

குரல் ஏற்ற இறக்கத்துக்குத் தினமும் பத்து நிமிடம் கண்ணாடி முன் பயிற்சி கொடுங்கள். மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு என் மாணவர்களை அப்படித்தான் தயார் செய்தேன். அந்தப் பெண்ணும் தேறிவிடுவாள்.

கரும்பலகை

நன்றி ஐயா, ஆனால் இது போட்டிக்கு அல்ல, சமூக அறிவியல் பாடத்துக்கு. அந்தப் பெண்ணிடம் குறை இல்லை, என் தாளில்தான் இருக்கிறதோ என்று கேட்கிறேன்.

மதுரை வாத்தியார்

அட்டையைத் தூக்கிப் போடுங்கள் டீச்சர். தாள் கையில் இருந்தால் பிள்ளைகள் வாசிக்கத்தான் செய்வார்கள். முந்தின நாளே படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், வெறும் கையோடு பேசட்டும்.

பழைய நடுவர்

வாசிப்பதற்குக் காரணம் சார் சொல்வதுபோல் தாள்தான், ஆனால் எடுத்துவிட்டால் நினைவாற்றல் உள்ள பிள்ளை ஜெயிக்கும். அவ்வளவுதான் மாறும். அட்டையில் என்ன எழுதியிருந்தீர்கள் டீச்சர்? ஒன்றை அப்படியே போடுங்கள்.

கரும்பலகை

"தடை அவசரமாக வந்ததால் சிறு வியாபாரிகள் பாதிக்கப்பட்டார்கள். எனவே தடை தவறு." எதிரணியின் 2ஆம் அட்டை.

பழைய நடுவர்

அதுதான் சிக்கல். முடிவையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், பிள்ளைக்கு வாசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அட்டையில் தகவலும், யார் சொன்னது, எந்த ஆண்டு என்பதும் மட்டும் இருக்கட்டும். கீழே "இதனால்..." என்று போட்டு இரண்டு வரி காலியாக விடுங்கள். அதை அவர்களே பென்சிலால் நிரப்பவேண்டும். ஒரே அட்டையை இரண்டு அணிக்கும் கொடுங்கள்.

உங்கள் அட்டையை இப்படி மாற்றலாம்: "தடை அறிவிக்கப்பட்டது 2018 ஜூன் 5. நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1." ஆதரவு அணி "ஏறக்குறைய ஏழு மாத அவகாசம் இருந்ததே" என்னும். எதிரணி "பெட்டிக்கடைக்காரருக்கு மாற்றுப் பொருள் தேட அது போதுமா" என்னும். இன்னொன்று: "தொடக்கத்தில் பால், எண்ணெய், மருந்துப் பொட்டலங்களுக்கு விலக்கு இருந்தது." ஒருவருக்கு இது நடைமுறை அறிவு, மற்றவருக்குப் பெரிய கம்பெனிக்கு ஒரு நியாயம், தள்ளுவண்டிக்கு ஒரு நியாயம். இரண்டு பக்கமும் திரும்பாத அட்டை என்றால் நான் எடுத்துவிடுவேன்.

அந்த 7,100 விஷயம். அது டென்மார்க் சுற்றுச்சூழல் முகமையின் 2018 அறிக்கை. சாதாரணப் பருத்திப் பைக்கு, எல்லா வகைப் பாதிப்பையும் கணக்கில் எடுத்து, அதில் மோசமான ஒன்றை வைத்துச் சொன்ன எண். ஓசோன் படலத்துக்கான பாதிப்புதான் அதை அங்கே கொண்டுபோகிறது. பருவநிலையை மட்டும் பார்த்தால் அதே அறிக்கையில், அதே பைக்கு 52 தடவைதான். அதுவும் கடைப் பையைக் குப்பைப் பையாக இன்னொரு முறை பயன்படுத்தி, பிறகு ஆலையில் எரிப்பதோடு ஒப்பிட்ட கணக்கு. தெருவிலும் சாக்கடையிலும் பை கிடப்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊரில் தடையே அதற்காகத்தானே? 7,100, 52 இரண்டையும் ஒரே அட்டையில் போடுங்கள். எந்த எண்ணை யார் எடுக்கிறார், மற்றதை ஏன் விடுகிறார் என்பதிலேயே விவாதம் ஓடும்.

கரும்பலகை

ஐயோ, இதைப் படித்தபின் வெட்கமாக இருக்கிறது. எனக்கு வாட்ஸ்ஆப்பில் வந்த எண்ணை அப்படியே எழுதினேன். சரி, தாள்?

பழைய நடுவர்

உங்கள் 50இல் உச்சரிப்பு, உடல்மொழி, நேரம் மூன்றுக்கும் சேர்த்து 30. சான்றுக்கு 10. அந்தப் பையன் ஜெயிக்காமல் என்ன செய்வான்? அதோடு "கருத்துக்கு 8" என்றால் என்னவென்று நடுவர் பிள்ளைக்கும் தெரியாது, இருவருக்கும் எட்டு போட்டிருக்கிறது பாருங்கள்.

காதால் கேட்டு டிக் அடிக்கிற மாதிரி மாற்றுங்கள். அட்டையைச் சொன்னால் 1. அது தன் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று விளக்கினால் மேலும் 2. எதிரணி சொன்ன அட்டையின் பெயரைச் சொல்லி மறுத்தால் 3. பேச்சுத்திறன் மொத்தமாக 5. உங்கள் மாணவர் இருவரையும் இதில் போட்டுப் பார்க்கலாம். பையன் ஒரு அட்டையை மட்டும் தூக்கிக் காட்டியிருந்தால் 1, பேச்சு 5, மொத்தம் 6. பெண் இரண்டு அட்டை சொல்லி இரண்டையும் விளக்கினால் 2+4, ஒரு மறுப்பு 3, பேச்சு 2, மொத்தம் 11.

ஒருவருக்கு இரண்டு அட்டை என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் மதிப்பெண்ணுக்காக ஆறையும் மளமளவென்று ஒப்பிப்பார்கள்.

மட்டுநகர்

எங்களிடம் தரம் 10இல் 18 பிள்ளைகள்தான், எல்லோருக்கும் பாத்திரம் கிடைக்கும். ஆனால் 38 பேரில் 26 பேர் சும்மா இருப்பது பெரிய இழப்பு. நான் சிலரைச் "சான்று காவலர்" ஆக்குவேன். பேச்சாளர் அட்டையில் இல்லாத எண்ணைச் சொன்னால் கையைத் தூக்குவார், அந்தக் கூற்றுக்குப் புள்ளி இல்லை. இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது: என் மூன்று நடுவர்களும் ஒரே பேச்சுக்கு 6, 11, 12 என்று போடுகிறார்கள். கூட்டிச் சராசரி எடுக்கலாமா?

பழைய நடுவர்

காவலர் யோசனை நல்லது, எனக்குத் தோன்றவில்லை. சராசரி வேண்டாம், நடுவிலிருக்கும் 11ஐ எடுங்கள். பிடிக்காதவருக்குக் குறைத்துப் போடுகிற ஒருவரால் அது மாறாது. முதலில் நீங்களே ஒரு நிமிடம் பேசிக் காட்டி, மூவரும் தனித்தனியாக டிக் அடித்துவிட்டு எங்கே வேறுபட்டார்கள் என்று பேசவையுங்கள்.

மதுரை வாத்தியார்

பேச்சுக்கு வெறும் 5 என்பது குறைவு. தமிழில் நன்றாகப் பேசுவதும் ஒரு திறமைதானே? எல்லாவற்றையும் டிக் ஆக்கினால் பிள்ளைகள் கணக்குப் பிள்ளை மாதிரி பேசுவார்கள்.

கரும்பலகை (இரண்டு வாரம் கழித்து)

மறுபடி நடத்தினேன், இந்த முறை இரண்டு பீரியட். முதலாவது முழுக்க "இதனால்..." நிரப்பவே போனது. அட்டையை வெறுமனே வாசித்தவர் ஒருவர் மட்டும். 52க்கும் 7,100க்கும் சண்டை பத்து நிமிடம் ஓடியது. மதுரை சார் சொன்னதும் நடந்தது: இரண்டு பேர் "அட்டை நான்கை மறுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுக்கவே இல்லை, நடுவர் 3 போட்டுவிட்டார். காரணம் சொன்னால்தான் 3 என்று அடுத்த தாளில் திருத்துகிறேன்.

தீராதது ஒன்று. ஆதரவு அணியில் போட்ட ஒரு மாணவனின் அப்பா பிளாஸ்டிக் கப் மொத்த வியாபாரம் செய்தவர், தடையால் கடையை மூடியவர். அவன் பேசமாட்டேன் என்றான். அணி மாற்றிக் கொடுத்தேன். சீட்டுப் போட்டுத்தான் பக்கம் என்ற விதியை அவனுக்காக உடைத்தேன், மற்றவர்கள் "எங்களுக்கும் மாற்றுங்கள்" என்கிறார்கள். உங்கள் வகுப்பில் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?

மட்டுநகர்

எனக்கும் இதே போல் வந்தது. அந்தப் பிள்ளையைக் காவலராக்கினேன். பேசாமல் இருந்தது, ஆனால் அந்தப் பீரியடில் ஆகக் கூடுதலாகக் கை தூக்கியது அதுதான். அது சரியா என்று எனக்கும் இன்னும் சந்தேகம்.