Heal கருவிக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

ஹட்டன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை குறிப்பை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். பாடம், சுயவிவரப் படத்தில் முகத்துத் தழும்பையோ கையில் குத்திய பச்சையையோ மறைப்பது. Clone கருவிக்குப் ‘படியெடுப்பு’ என்று போட்டுவிட்டேன், யாரும் முறைக்கவில்லை. Heal கருவியில்தான் மாட்டிக்கொண்டேன். காயத்தை ஆற்றுவதுபோல என்று ‘ஆற்றுத் தூரிகை’ எழுதினேன். கடைசி வாங்கில் ஒரு பையன், “மகாவலியில நனைக்கிறதா டீச்சர்?” என்றான். வகுப்பு போய்விட்டது.

Clone, எடுத்த இடத்தை நிறத்தோடு அப்படியே கொண்டுவந்து வைக்கும். Heal, எடுத்த இடத்தின் நுண்மேடு பள்ளத்தை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் ஓரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரியவேண்டும்.

பதுளை சேர்:
தங்கச்சி, இதற்கு ஏன் அலையவேண்டும்? குறள் 1117-இல் “மறுவுண்டோ மாதர் முகத்து” என்று கேட்கிறாரே. முகத்துக் கறைக்கு ‘மறு’ என்று இரண்டெழுத்தில் சொல் கிடக்கிறது. பிறவியிலேயே வந்ததும் மறு, பிறகு வந்ததும் மறு. ஒற்றுதல் என்றால் மெல்லத் தொட்டு அழுத்துவது. கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் அல்லவா? ஆகவே ‘மறுவொற்றி’. ஒற்றனும் இதே வேர்தான். சத்தமில்லாமல் போய், அந்த இடத்து ஆள்போலவே கலந்து நிற்பவன். இந்தக் கருவி செய்வதும் அதுதானே? மெய்யெழுத்தை ஒற்று என்பதும் இங்கே சிந்திக்கத்தக்கது. அது தனியே நில்லாமல் உயிரோடு கூடி…

(மீதி நாளை எழுதுகிறேன். மின்சாரம் போய் வருகிறது.)

கண்டி மொழிபெயர்ப்பாளர்:
சேர், ஒற்றன்வரை சரி, அதற்கு மேல் வேண்டாம். ‘மறு’ என்று தொடங்கினால் பிள்ளைகள் மறுதேர்தல், மறுபதிப்பு மாதிரித்தான் வாசிப்பார்கள். மறுபடியும் ஒற்றுவது என்றாகிவிடும். இன்னொன்று, காசு கொடுத்து ஆசையாய்க் குத்திக்கொண்ட பச்சையை மறு என்றால் குத்திக்கொண்டவருக்குக் கோபம் வராதா?

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா:
நல்ல நேரத்தில் பேசுகிறீர்கள். மகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கவேண்டும். கன்னத்தில் பிறப்பிலேயே சிவந்த தழும்பு. இதை வைத்து மறைத்துக் கொடுக்கலாமா?

பண்டாரவளை ஸ்டூடியோக்காரன்:
அக்கா, அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் வேண்டவே வேண்டாம். அந்தப் படம் முகத்தை அடையாளம் காணத்தான். தழும்பு அப்படியே இருக்கட்டும். பேச்சு சுயவிவரப் படத்தைப் பற்றி.

தலவாக்கலை, பௌதிகவியல் டியூசன்:
சொல்லைவிட முறையைப் பாருங்கள். Heal கருவியே வேண்டாம். மீடிறன் பிரிப்புத்தான் சரி. Filters > Enhance > Wavelet-decompose கொடுத்தால் படம் பல படைகளாகப் பிரியும். நுண்ணிய துளைகள் Scale 1, 2-இல், நிறம் அடியில் Residual-இல். நிறப் படையை மட்டும் மாற்றினால் தோலின் துளைகள் அப்படியே நிற்கும். மச்சமோ பச்சையோ, எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

பண்டாரவளை ஸ்டூடியோக்காரன்:
தம்பி சொன்னது பாதி சரி. தட்டையான பிறவித் தழும்புக்கு நன்றாக வரும், ஏனென்றால் அங்கே தோல் நல்ல தோல்தான், நிறம் மட்டுமே வேறு. பச்சை அப்படி இல்லை. மைக்கோட்டின் விளிம்பு கூர்மையானது, அது துளைகள் இருக்கும் படைகளிலும் ஏறிக்கொள்ளும். நிறத்தை மாற்றிய பிறகும் கோலத்தின் பேய் மாதிரி ஒரு கோட்டுருவம் தெரியும். அங்கே நல்ல தோலைக் கொண்டுவந்துதான் ஆகவேண்டும்.

போன வாரம் ஒரு படம் வந்தது. பாட்டி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், முன்கையில் பழைய பச்சை, சுமார் 120 பிக்சல் அகலம். பேரன் 30 பிக்சல் தூரிகையோடு Heal கருவியை எடுத்து நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறான். எல்லாம் சாம்பல் பச்சையாய்க் கலங்கிவிட்டது. டீச்சர் சொன்னதுதான் காரணம். தூரிகை தன் ஓரத்தின் நிறத்தைப் பார்க்கிறது, நடுவில் வைத்தால் ஓரமும் மையின் மேலேதானே இருக்கும்? மையின் நிறத்தையே ஊருக்கெல்லாம் பரப்பும். சேலைக் கரை ஓரத்தில் வைத்தாலும் இதே கதை, சிவப்பு தோலுக்குள் வழிந்துவிடும்.

நான் செய்தது இது. முதலில் படத்தின் படையை நகலெடுத்து, அந்த நகலில் Clone கருவியால் பச்சையை முழுதாக மூடினேன். Ctrl அழுத்தி எடுக்கும் இடத்தை அதே கையில், வெளிச்சம் அதே அளவு விழும் பக்கத்தில் வைத்தேன். கையின் உட்புறத்தில் எடுத்தால் தோல் வழுவழுப்பாய் வேறு ஆளின் கைபோல இருக்கும். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாலும் ஒரே மருவும் மயிரும் வரிசையாய்த் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும், அதனால் இடத்தை மூன்று நான்கு தரம் மாற்றினேன். மை முழுதும் மறைந்த பிறகுதான் Heal. அதுவும் ஒட்டின் எல்லையில் மட்டும், தூரிகையின் ஓரம் நல்ல தோலின்மேல் விழும்படி.

சரிபார்க்க இரண்டு வழி. Curves-இல் கொஞ்ச நேரத்துக்கு மாறுபாட்டைக் கூட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத நிறத்திட்டு வெளியே வரும். பிறகு படத்தைப் பெருவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கவேண்டும். அந்த அளவில் துளைகள் தெரியாது, நிறத்திட்டு மட்டும் தெரியும். சுயவிவரப் படத்தை ஊர் பார்ப்பது அந்த அளவில்தான். பெரிதாக்கித் துளைகளைத் திருத்தியே பொழுதைப் போக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். என் அப்பா தையல்காரர். கிழிந்த இடத்தில் வேறு துணி வைத்துத் தைத்தால் ஒட்டுப்போடுவது. சுற்றியுள்ள நூலோடு நூலாக ஓட்டி எடுத்தால் இழையோட்டுவது. Clone ஒட்டு, Heal இழையோட்டு. அவ்வளவுதான்.

ஹட்டன் டீச்சர்:
அண்ணன், இது பிடித்திருக்கிறது. ‘இழையோட்டுத் தூரிகை’. ஆனால் ஒரு சிக்கல். நுண்மேடு பள்ளத்துக்கு ‘இழையமைப்பு’ என்று முன்பக்கத்தில் போட்டிருக்கிறேன். விஞ்ஞானப் புத்தகத்தில் இழையம் படித்த பிள்ளைகள் தசை இழையம், நரம்பு இழையம் என்று போய்விடுவார்களோ?

கண்டி மொழிபெயர்ப்பாளர்:
போவார்கள். தமிழ்நாட்டுக்காரர் அதற்குத் திசு என்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. நீங்கள் ‘தோலின் சொரசொரப்பு’ என்று போடுங்கள். அசிங்கமாய் இருந்தாலும் புரியும்.

பதுளை சேர்:
மின்சாரம் வந்துவிட்டது. சொரசொரப்பாம்! குழந்தையின் கன்னத்துக்கும் சொரசொரப்பா? மேனி என்ற சொல் எங்கே போனது? ‘மேனிநயம்’ என்று வைத்தால் என்ன? இழையோட்டுக்கும் என் ஒப்புதல் இல்லை. பாட்டியின் கை துணியா?

தலவாக்கலை, பௌதிகவியல் டியூசன்:
சேர், ஓட்டெடுப்பு வைப்போமா? எனக்கு இழையோட்டு சரி. பேய்க் கோட்டை இப்போதுதான் என் படத்திலும் பார்த்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அம்மா:
எனக்கும் இழையோட்டுத்தான் விளங்குகிறது. மகள் படத்தைத் திருத்தாமலே எடுத்துவிட்டோம்.

ஹட்டன் டீச்சர்:
அச்சகத்துக்குப் போயாயிற்று. கருவி ‘இழையோட்டுத் தூரிகை’, தோலுக்குச் ‘சொரசொரப்பு’, இரண்டுக்கும் பக்கத்தில் திரையில் தெரிகிற பெயர். சேருடைய மறுப்பைப் பதிந்துகொண்டேன். அடுத்த குறிப்பில் Layer வருகிறது. நம்முடைய தம்பி மேலே படை என்று எழுதியிருக்கிறார், கணினிக் கூடத்துச் சுவரில் அடுக்கு என்று ஒட்டியிருக்கிறது. எதைப் போடுவது?

பதுளை சேர்:
படை என்றால் சேனை. அப்புறம் தோலில் வருகிற படையும் உண்டு. தோல் படத்தில் படை! நாளை விரிவாக எழுதுகிறேன்.