சார்ஜில் போட்டால் கொதிக்கும் போன்: இரண்டாவது கடிதத்துக்குத்தான் உருப்படியான பதில் வந்தது

கரூர் கணக்கர்

போன ஆகஸ்டில் வீட்டில் இரண்டு போன்கள் வாங்கினோம். ஒரே மாடல், ஒரே கடை, ஒரே பில். ஒன்று எனக்கு, ஒன்று மனைவிக்கு. ஏப்ரல் தொடங்கியதும் என் போன் சார்ஜில் போட்ட கால் மணி நேரத்தில் தோசைக்கல் போல ஆகிவிடும். சில நாட்களில், சூட்டினால் சார்ஜ் நிறுத்தப்பட்டது என்று திரையிலேயே எழுத்து வரும்.

நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு முதலில் எழுதியது நான்கே வரி: 'போன் மிகவும் சூடாகிறது, பயமாக இருக்கிறது, உடனே நடவடிக்கை எடுங்கள்.' மறுநாளே பதில் வந்தது. சார்ஜ் ஏறும்போது ஓரளவு சூடாவது இயல்பு, கோடைக்காலம், உறையைக் கழற்றுங்கள், அசல் சார்ஜரைப் பயன்படுத்துங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், சரியாகவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமையுங்கள். என் கடிதத்தை யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம். ஆனால் கோபம் ஆறியபின் பார்த்தால், அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் கடிதத்தில் பதில் இல்லை என்பதும் உண்மைதான்.

நான்கு காலைகள் அளந்தேன். என் போனில் `*#*#4636#*#*` என்று அழுத்தினால் பேட்டரியின் வெப்பநிலை தெரிகிறது. பிறகு எழுதிய கடிதம் இது. ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன், எண்களை மட்டும் மறைத்திருக்கிறேன்.

> பொருள்: சார்ஜ் ஏறும்போது தொடர்ந்து அதிகச் சூடு
>
> பெட்டியில் உள்ள மாடல் எண், இரண்டு ஐஎம்இஐ எண்கள், மென்பொருள் பதிப்பு எண், பில் எண், வாங்கிய தேதி ஆகியவை மேலே உள்ளன. சார்ஜர், கேபிள் இரண்டும் பெட்டியில் வந்தவை, 33 வாட்.
>
> தினமும் காலை 6.30க்கு, ஏறக்குறைய 20 சதவீதம் இருக்கும்போது, மர மேசையில் வைத்துச் சார்ஜ் செய்கிறேன். அப்போது போனைத் தொடுவதில்லை. விளையாட்டுகள் எதுவும் இல்லை. பகலில் அழைப்புகளும் பில் படங்கள் அனுப்புவதும் மட்டுமே.
>
> முதல் நாள் வழக்கம்போல்: 22 நிமிடத்தில் 46.2 டிகிரி, சார்ஜ் நின்றது. இரண்டாம் நாள் உறை இல்லாமல்: 45.1. மூன்றாம் நாள் உறையும் இல்லாமல், விமானப் பயன்முறையில்: 44.9. நான்காம் நாள் மனைவியின் சார்ஜரும் கேபிளும்: 45.4.
>
> அதே நான்காம் நாள், அதே அறையில், அதே மாடலான மனைவியின் போன் என் சார்ஜரில் 39.4 டிகிரியைத் தாண்டவில்லை. அறையின் வெப்பநிலை 32.
>
> இது கோடையாலோ உறையாலோ சார்ஜராலோ வந்ததல்ல என்று கருதுகிறேன். போனை உத்தரவாதத்தின் கீழ் சோதித்துத் தரவும். திரையின் படங்கள் இணைப்பில்.

அடுத்த வேலை நாளில் தொலைபேசியில் கூப்பிட்டார்கள், சேவை மையத்தில் தேதியும் கொடுத்தார்கள்.

மேட்டுத்தெரு

இவ்வளவு ஆராய்ச்சியே வேண்டாம். வேகச் சார்ஜர்தான் வில்லன். அது மின்சாரத்தைப் போனுக்குள் திணிக்கிறது. பழைய 10 வாட் சார்ஜரில் போடுங்கள், சூடே இருக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழுதுபார்க்கும் கடை

சூடு குறையும் என்பது சரி, காரணம்தான் தவறு. சார்ஜர் எதையும் திணிப்பதில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன். மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், பேட்டரியின் உள்தடையில் உண்டாகும் வெப்பம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால் 10 வாட் சார்ஜர் கெட்ட பேட்டரியையும் நல்ல பேட்டரி போலக் காட்டும். நோய் அப்படியே இருக்கும், காய்ச்சல் மட்டும் தெரியாது. உத்தரவாதம் முடிந்தபிறகுதான் வெளியே வரும்.

கணக்கரின் கடிதத்தில் வேலை செய்தது மனைவியின் போன்தான். உதவிப் பிரிவில் இருப்பவர் 46 டிகிரியை மட்டும் பார்த்தால் வெயில் என்பார். பக்கத்திலேயே 39 இருந்தால் அதைச் சொல்ல முடியாது. ஒன்று விட்டுப்போயிற்று: சூடு எந்த இடத்தில்? கேபிள் செருகும் துளைக்கு அருகில் மட்டும் சுட்டால், துளையில் தூசியோ தளர்ந்த இணைப்போ இருக்கலாம். நடுமுதுகு முழுக்கச் சுட்டால் பேட்டரியைச் சந்தேகிப்பேன். கேமரா பக்கம் என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை. விரலால் தடவிப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும்.

கரூர் கணக்கர்

நடுமுதுகுதான். எழுதத் தோன்றவில்லை.

செல்லம்மாள் பேரன்

என் போனும் இப்படித்தான், மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? சூடானால் நான் ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பேன், ஜில்லென்று ஆகிவிடும்.

பழுதுபார்க்கும் கடை

தம்பி, சார்ஜ் தீர்வது வேறு கதை. முதலில் அந்த ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள். குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் சொம்பின் வெளியே வேர்ப்பது போல உள்ளேயும் வேர்க்கும். உள்ளே ஒரு சிறு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கும், ஈரம் பட்டால் சிவக்கும். அது சிவந்திருந்தால் எந்தச் சேவை மையமும் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசாது.

இரண்டு முறை ஏமாந்தவர்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் மையத்துக்கு நேரில் போனேன். ரசீதில் 'பேட்டரி பிரச்சினை' என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறுகிறது, குறையில்லை என்று திருப்பித் தந்தார்கள். ரசீதில் இல்லாததை யாரும் சோதிக்கவில்லை. இரண்டாம் முறை, 'சார்ஜ் ஏறும்போது அதிகச் சூடு, சார்ஜ் தானாக நிற்கிறது' என்று என் கண்முன்னே எழுத வைத்தேன். அப்போதும் இழுத்தடித்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தபிறகுதான் வேலை நடந்தது. எல்லோருக்கும் நடக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கு நடந்தது.

வேலூர் வாசகி

என் போனில் அந்த எண்ணை அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை.

பழுதுபார்க்கும் கடை

பல போன்களில் வராது. கணினியுடன் இணைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இதைப் போடச் சொல்லுங்கள்:

```
adb shell dumpsys battery
```

அதில் `temperature: 462` என்று வந்தால் 46.2 டிகிரி. கேபிள் கணினியில் இருந்தால் சார்ஜரில் போட முடியாதல்லவா, அதனால் வைஃபை வழியாக இணைக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், சார்ஜ் நின்றதாக எழுத்து வரும் திரையை நேரத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள்.

கரூர் கணக்கர்

நேற்று போன் திரும்பி வந்தது. ஐந்து நாள் வைத்திருந்தார்கள். 'பேட்டரி மாற்றப்பட்டது, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது' என்று ரசீதில் இருக்கிறது. இன்று காலை அதே மேசை, அதே சார்ஜர், உறையோடு அளந்தேன்: 40.1. பணம் வாங்கவில்லை.

மேட்டுத்தெரு

அப்படியானால் மென்பொருளால் சரியாயிற்று. புதிய பதிப்பில் சார்ஜ் வேகத்தையே குறைத்திருப்பார்கள், பாருங்கள்.

பழுதுபார்க்கும் கடை

பேட்டரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறார்கள், இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. 20 சதவீதத்திலிருந்து 80 ஏற எத்தனை நிமிடம் ஆகிறது? முன்பைவிட அதிகம் என்றால் மேட்டுத்தெரு சொல்வதிலும் ஏதோ இருக்கிறது.

கரூர் கணக்கர்

பழைய பேட்டரியில் 80 எட்டுவதற்குள் சார்ஜ் நின்றுவிடுமே, எதோடு ஒப்பிடுவது? மனைவியின் போனில் இன்னும் பழைய மென்பொருள்தான். அதைப் புதுப்பித்து ஒரு காலை அளந்தால் தெரிந்துவிடும். கேட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடுகிற போனில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.