பட்டுக்கடைக் கண்ணாடியில் ட்ரைபாட்: எடுக்கும்போதே தவிர்ப்பதா, பிறகு அழிப்பதா?

தறிமேடை:
கும்பகோணம் பக்கம் ஒரு பட்டுக்கடைக்குப் படம் எடுக்கிறேன். புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி, மூன்றடி அகலம், ஓரம் சாய்வாகத் தேய்த்த பழைய கண்ணாடி. டைமர் வைத்துவிட்டு நான் ஒதுங்கிவிடுகிறேன், ஆனால் ட்ரைபாட் நட்டநடுவில் நிற்கிறது. எப்படி நீக்குவது?

கடைமடைக்காரன்:
போலரைசர் ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது. தஞ்சாவூர் கீழவாசலில் கடை ஷோகேஸ்களை எல்லாம் நான் அப்படித்தான் எடுக்கிறேன், உள்ளே இருக்கும் பொருள் பளிச்சென்று தெரியும்.

அரசலாற்றங்கரை:
அண்ணே, ஷோகேஸுக்குச் சரி. அங்கேயும் பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்து நின்று எடுத்தால்தான் ஃபில்டர் வேலை செய்யும், நேர் எதிரே நின்றால் எவ்வளவு திருகினாலும் உங்கள் முகம் அப்படியே நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி வேறு சங்கதி. பின்னால் ரசம் பூசியிருக்கிறது, வெளிச்சம் திரும்புவது அந்த உலோகப் பூச்சில் பட்டுத்தான், அதைப் போலரைசர் வெட்டாது.

தறிமேடை தம்பி, கேமராவைப் பக்கத்தில் நகர்த்துங்கள், அவ்வளவுதான். லென்ஸிலிருந்து கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக ஒரு நூல் பிடித்தால் அது போய்த் தொடும் இடத்தில்தான் லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த இடம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால் கேமரா படத்தில் இல்லை. நடுவிலிருந்து ஒன்றரை அடி தள்ளினால் லென்ஸ் விளிம்பில் நிற்கும். ட்ரைபாட் கால் லென்ஸிலிருந்து ஒன்றரை அடி விரிந்திருந்தாலும் கண்ணாடிப் பரப்பில் அதில் பாதிதான் விழும், அதனால் இன்னும் முக்கால் அடி போதும். ஆக இரண்டரை அடி தள்ளி வைத்தால் நிம்மதி. லென்ஸ் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள், கண்ணாடியில் உங்கள் கண்ணே உங்களுக்குத் தெரியவில்லை என்றால் சரி.

கேமராவைக் கண்ணாடி பக்கம் திருப்பாதீர்கள். திருப்பினால் ட்ரைபாட் ஒன்றும் உள்ளே வந்துவிடாது, ஆனால் சட்டத்தின் மேல்கோடும் கீழ்கோடும் ஒரு பக்கமாகக் குறுகிப் பார்க்கக் கோணலாக இருக்கும். எதிர்ச்சுவருக்கு நேராக வைத்து அகலமாக எடுத்து, வேண்டாத பக்கத்தை வெட்டிவிடுங்கள். கிட் லென்ஸை 18இல் வைத்து எட்டடி தூரத்தில் நின்றால் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஐந்தடி சொச்சம் விழும், கண்ணாடியின் கடைசி விளிம்பு நாலடியில்தான் இருக்கும்.

நாச்சியார்கோவில் விளக்கு:
எனக்கும் இதே தலைவலி சார். குத்துவிளக்கு எடுக்கிறேன், எந்தப் பக்கம் போனாலும் தண்டின் உருளையில் ஒல்லியாக நான் நிற்கிறேன். எத்தனை அடி தள்ள வேண்டும்?

அரசலாற்றங்கரை:
வளைந்த பித்தளையில் தள்ளிப் பயனில்லை, எங்கே நின்றாலும் ஒரு வளைவு உங்களைப் பார்த்தே இருக்கும். கேமராவுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி, லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சும், அதைத் தொட்டு அழித்துவிடலாம்.

பிக்சல்பொன்னி:
அரசலாறு சார் கணக்கெல்லாம் சரிதான், ஆனால் கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. பக்கத்தில் போனால் கண்ணாடியில் தெரியும் காட்சியும் மாறிவிடும். கேமராவுக்குப் பின்னால் ஆறடியில் புடவை ராக் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டரை அடி தள்ளியதும் கண்ணாடி நடுவில் விழுவது எதிரே உள்ள ராக் இல்லை, அதற்கு நாலடிக்கும் மேல் தள்ளி மறுபக்கம் இருக்கிற கல்லாவோ மாடிப்படியோதான். வெட்டியதில் படத்தின் முக்கால் பங்கு போய்விடும் என்பது வேறு.

நான் நடுவில் வைத்தே எடுத்து, பிறகு ட்ரைபாட்டை அகற்றிவிட்டுப் பின்னால் இருக்கும் ராக்கைத் தனியாக எடுத்து ஒட்டுவேன். இடம் வலம் புரட்டி ஒட்ட வேண்டும். ராக்கில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு கண்ணாடிக்குள் நேராகப் படிக்க வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். பழைய கண்ணாடியில் லேசாகப் பச்சை ஓடும், ஒட்டும் துண்டிலும் அதைக் கொண்டுவர வேண்டும்.

அரசலாற்றங்கரை:
அந்தத் துண்டை எங்கிருந்து எடுப்பீர்கள் அம்மா? கண்ணாடிக்குள் தெரியும் ராக் எட்டும் எட்டும் ஆறும் ஆக இருபத்திரண்டடி தூரத்துப் பார்வை. கடைக்குள் அவ்வளவு பின்வாங்க இடம் ஏது? கிட்டத்தில் நின்று எடுத்தால் தட்டுகளின் ஆழம் வேறு மாதிரி தெரியும், மடித்த புடவையின் பக்கவாட்டெல்லாம் வந்து நிற்கும்.

பிக்சல்பொன்னி:
வெறும் சுவராக இருந்தால் இழுத்துப் பொருத்திவிடலாம். ராக் என்றால் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ரைபாட் மறைக்கும் இடம் கொஞ்சம்தானே, முழு ராக்கையும் ஒட்டவில்லையே.

தறிமேடை:
இன்று தள்ளி வைத்துப் பார்த்தேன். நடுக்கண்ணாடி சுத்தமாக வந்தது, ஆனால் சாய்வாகத் தேய்த்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ட்ரைபாட் கால் தெரிகிறது.

அரசலாற்றங்கரை:
அந்த ஓரம் தனிக் கோணம், தனிக் கண்ணாடி மாதிரி. நூல் கணக்கு அதற்குப் பொருந்தாது. இன்னும் அரையடி தள்ளிப் பாருங்கள், போகாவிட்டால் அந்தப் பட்டையை மட்டும் பொன்னி சொல்கிறபடி அழிப்பதுதான்.

பிக்சல்பொன்னி:
அதை மட்டும் என்றால் மேலே சுத்தமாக இருக்கும் பட்டையை நகல் எடுத்துக் கீழே இறக்கினாலே போதும். கல்லா தெரிவதைக் கடைக்காரர் ஒத்துக்கொண்டாரா என்று முதலில் கேளுங்கள்.