முதலில் இறங்குபவரே ஜெயிக்கிறார், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். இருவர் மோதும் சீட்டு விளையாட்டு ஒன்றைக் கணினியில் செய்ய ஆசை. கோடு எழுதும் முன் விதிகளைத் தாளிலேயே சரிபார்க்கிறேன். பழைய சீட்டுக்கட்டின் மேல் துண்டுத்தாளை ஒட்டி, எண்களைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அழித்து மாற்ற வசதி.

ஆளுக்கு 20 உயிர். சீட்டு இறக்கத் தண்ணீர் வேண்டும்: முதல் முறை 1, அடுத்த முறை 2 என்று ஏறும். நம்ம ஊருக்கு வேறென்ன வைப்பது!

சிக்கல் இதுதான். முதலில் ஆடும் தம்பி 2 தண்ணீருக்கு ஒரு காளையை இறக்குகிறான். பதிலுக்கு நானும் ஒன்றை இறக்கியதுமே அவன் கையில் 3 தண்ணீர்; பெரிய சீட்டு வந்துவிடுகிறது. நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன். சீட்டுக்கட்டில் கோளாறோ என்று இருவரும் ஒரே மாதிரிக் கட்டை வைத்தும் ஆடினோம். அப்போதும் முதலில் ஆடியவர்தான் பெரும்பாலும் ஜெயித்தார். ஆக, விதியில்தான் ஓட்டை.

இரண்டாமவருக்கு ஒரு சீட்டு கூடுதலாகத் தரலாமா, அல்லது ஒரே ஒரு முறை பயன்படும் 1 தண்ணீர் தரலாமா? இரண்டையும் சேர்த்துப் போட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எதை முதலில் சோதிக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.