Notfallpass என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவின் ஐபோன் ஜெர்மன் மொழியில் இருப்பதால், அவருக்காக வழிமுறையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வருகிறேன். இதயப் படம் போட்ட Health செயலியில் தம் படத்தைத் தொட்டு, அவசரத்தில் பிறர் பார்ப்பதற்கான மருத்துவ விவரங்கள் உள்ள Notfallpass, பிறகு ‘திருத்து’ என்று பொருள்படும் Bearbeiten என்று போகவேண்டும். Notfallpass என்பதை ‘மருத்துவ அடையாள அட்டை’ என்று எழுதியதும், அம்மா கைப்பையிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். Notfallkontakte என்பதை ‘அவசரத் தொடர்புகள்’ என்றேன். அவசரமாகப் பேசவேண்டியவர் யார் என்று கேட்பதாக நினைத்து, யாழ்ப்பாணத்திலுள்ள சித்தியின் பெயரைச் சொன்னார்.

மதுரையிலிருந்து:

பாண்டியரின் மெய்க்காவலர்க்கு வழங்கிய ‘ஆபத்துதவி’ என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது; Notfallkontakte என்பதற்கு அதையே எடுத்துக்கொள்வோம். கைபேசியின் அவசர அழைப்புக்கு வழங்கும் SOS என்பது ‘எங்கள் உயிரைக் காப்பீர்’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாதலால், அதற்கு ‘உயிர்காப்பு அழைப்பு’ பொருந்தும்.

கோவையிலிருந்து:

SOS எதன் சுருக்கமும் அன்று. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் எளிதில் இனம்காணக்கூடிய குறியாக 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டது; விரிவு பின்னால் கட்டியது. எனவே ‘உதவி அழைப்பு’ போதும். ‘ஆபத்துதவி’ அழகான சொல்தான், ஆனால் இங்கே Notfallkontakte பட்டியலில் உள்ளவர் ஓடிவந்து காப்பவர் அல்லர். அவசர உதவி எண்ணான 112க்குப் போன அழைப்பு முடிந்ததும், இருக்குமிடத்தைச் சொல்லும் குறுஞ்செய்தி அவருக்குச் செல்கிறது. ஆகவே ‘அறிவிக்கவேண்டியவர்’ என்கிறேன். Notfallpass என்பதற்கு ‘அவசர மருத்துவக் குறிப்பு’ என்று வைத்தால் காப்பீட்டு அட்டையோடு குழம்பாது.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது உள்ளடக்கம். குறிப்பைப் படிக்கப்போகிறவர் ஜெர்மன் மருத்துவ உதவியாளர். ஒவ்வாமையும் மருந்தும் தமிழில் இருந்தால் அவருக்குப் பயனில்லை. தொடர்பில் ‘சின்னவள்’ என்று சேமித்திருந்தால் அப்படியே தெரியும், ஆனால் உறவுமுறையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தால் ‘மகள்’ என்று பொருள்படும் Tochter என்று வரும்.

திருச்சியிலிருந்து:

என் ஆண்ட்ராய்டு கைபேசியில் பக்கப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அழைப்பு போகிறது. பேருந்து நெரிசலில் சட்டைப்பையில் அழுந்தி ஒருமுறை அழைப்புக்கு முந்தைய எண்ணிக்கை ஓடத் தொடங்கிவிட்டது. இதை நிறுத்துவது எப்படி?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

திருச்சி நண்பரே, எண்ணிக்கை ஓடும்போதே திரையில் ரத்து செய்யலாம். ஐந்து அழுத்தத்தை அமைப்புகளில் அணைக்கவும் வழியுண்டு, ஆனால் அணைப்பதற்குமுன் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

கோவை ஐயா சொன்னபடி மருந்துப் பெயர்களை ஜெர்மனில் எழுதிவிட்டு, கைபேசியைப் பூட்டிச் சோதித்தேன். Notfall என்பதைத் தொட்டால் எண் பலகை வந்தது, அதன் கீழே Notfallpass வரவில்லை. பூட்டிய திரையில் காட்டும் விசை அணைந்திருந்தது. அதை இயக்கியதும் குறிப்பு தெரிந்தது. பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபோது வந்த திரையிலும் அதே சொல் இருந்தது. எண்ணிக்கை தொடங்குமுன் விரலை எடுத்துவிட்டேன்.

‘அவசர மருத்துவக் குறிப்பு’ என்றதும் அம்மா கைப்பையைத் தொடவில்லை. ‘அறிவிக்கவேண்டியவர்’ என்றதும் என் பெயரைச் சொன்னார். ஆனால் தாளில் ‘ஆபத்துதவி’ என்றே எழுதச் சொல்கிறார், அந்தச் சொல்தான் மனத்தில் நிற்கிறதாம். மதுரை ஐயாவும் கோவை ஐயாவும் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?