பயாஸ்: மூலைவாட்டமா, சாய்நூலா?

மல்லிகா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தையல் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். துணியில் நூல் ஓடும் திசையைச் சொல்லும் 'கிரெயின்', அதற்குச் சாய்வான திசையைச் சொல்லும் 'பயாஸ்' இரண்டிலும் மாட்டிக்கொண்டேன். சிக்கல் தரும் வரி இதுதான்: "வட்டப் பாவாடையில் பயாஸ் விழும் இடங்கள் இறங்கும், ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே கீழ்மடிப்பைத் தைக்கவும்."

தையல்காரர்கள் பயாஸை 'கிராஸ்' என்கிறார்கள். அதைத் தமிழாக்கி 'குறுக்கு' என்று போட்டால், துணியின் அகலவாட்டில் ஊடு நூல் ஓடும் திசையையும் நாம் குறுக்கு என்றுதானே சொல்கிறோம்? படிப்பவர் துணியைக் குறுக்கே போட்டு வெட்டிவிடுவார். நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

சுந்தரம் எழுதியது:

பயாஸுக்குப் 'பக்கச்சார்பு' என்ற சொல் புள்ளியியலில் ஊன்றிவிட்டது. ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் துறைதோறும் வேறு வேறு தமிழ் என்று போனால் மாணவர்கள் திணறுவார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இளங்கோ எழுதியது:

ஐயா, மல்லிகா கேட்பது துணியை வெட்டும் திசை பற்றி. அங்கே சார்பு என்ன செய்யும்?

கிரெயினுக்கு 'நூலோட்டம்' என் பரிந்துரை. நேராக இருப்பதை 'நூல் பிடித்தாற்போல்' என்று சொல்கிறோமே, அதே நூல். பயாஸுக்குச் 'சாய்வெட்டு'. சாய்ந்த, சாய்கிற, சாயும் வெட்டு என்று முக்காலமும் விரியும் வினைத்தொகை. அப்புறம் ஒன்று. நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் பெயர் பாவுதல், பரப்புதல் என்பதிலிருந்து வந்தது. பாவாடை என்ற சொல்லிலும் அந்தப் 'பா' இருக்கிறது. செய்யுளைக் குறிக்கும் 'பா'வும் இதே வேர்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். நன்னூலில் பஞ்சையும் இழையையும் வைத்து நூல் செய்வதை விளக்கிய பவணந்தியார் இந்த உறவை உணராமலா எழுதியிருப்பார்?

மல்லிகா எழுதியது:

அண்ணா, பாவைப் பற்றித் தனி இழையில் பேசுவோம். எனக்கு வெள்ளிக்கிழமை.

ராகவன் எழுதியது:

மூலைக்கு மூலை இழுத்தால் நூல் ரப்பர் போல நீளுகிறது, அதனால்தான் துணி இழுபடுகிறது. ஆகவே 'நெகிழ்வெட்டு' என்று பயனை வைத்துப் பெயரிடலாமே? சாய்வு என்பதைவிட மாணவருக்கு உடனே விளங்கும்.

ஜெயராணி எழுதியது:

தையல் வகுப்பில் முதல் வாரமே இதைக் கையால் செய்துபார்க்க வைப்பேன். சதுரக் கைக்குட்டை ஒன்றை எடுத்து, நடுவில் பேனாவால் வட்டம் போடுங்கள். இரண்டு எதிர்க் கரைகளைப் பிடித்து இழுத்தால் வட்டம் அநேகமாக வட்டமாகவே இருக்கும். எதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், வட்டம் முட்டையாகிவிடும். நீளவாக்கில் கூடும், அகலத்தில் ஒடுங்கும்.

ராகவன் சொன்னபடி நூல் நீண்டிருந்தால் அகலம் இந்த அளவுக்கு ஒடுங்க வேண்டியதில்லை. நூல் நீளவே இல்லை, திரும்பியிருக்கிறது. பாவும் ஊடும் சந்திக்கும் இடங்களில் ஒட்டோ முடிச்சோ கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது, அவ்வளவுதான். இழுக்கும்போது ஒவ்வொரு குட்டிச் சதுரமும் சாய்சதுரம் ஆகிறது. பக்கத்து நூல்கள் நெருங்கி ஒன்றையொன்று முட்டும்வரை திரும்பும், அப்புறம் நின்றுவிடும். தளர்வாக நெய்த துணி அதிகம் இறங்குவதும், நெருக்கமாக நெய்தது குறைவாக இறங்குவதும் இதனால்தான். நேராக இழுத்தால் திரும்ப வழியில்லை, நூலே எடையைத் தாங்கும். அகலவாட்டில் மட்டும் பெரும்பாலும் கொஞ்சம் கொடுக்கும். பாவைத் தறியில் இறுக்கி இழுத்திருப்பார்கள், ஊடு அதன் மேலும் கீழும் வளைந்து போகும். அந்த வளைவு நிமிரும் அளவுக்குத்தான் அது கொடுப்பதும்.

சாய்வெட்டில் எனக்கு ஒரு குறை. சாய்வது வெட்டு அல்ல, கத்தரி எந்தப் பக்கமும் போகலாம். உடுத்தி நிற்கும்போது நூல் தரைக்குச் செங்குத்தாக விழாமல் சாய்ந்து விழுகிறது, அதுதான் விஷயம்.

இளங்கோ எழுதியது:

அப்படியானால் 'சாய்நூல்'. வினைத்தொகையும் நிற்கிறது, பொருளும் நிற்கிறது. நன்றி அம்மா.

பர்வீன் எழுதியது:

சொல் பற்றி எனக்குத் தெரியாது, சந்தேகம் ஒன்று கேட்கலாமா? முழுவட்டப் பாவாடை தைத்து வாங்கினேன். இடுப்பிலிருந்து 70 செ.மீ. வாங்கிய அன்று கச்சிதமாக இருந்தது. இரண்டு வாரம் மாட்டியில் தொங்கியது. இப்போது போட்டு நின்று அளந்தால் முன்னும் பின்னும் இரு பக்கமும் தரையிலிருந்து 30 செ.மீ., இடைப்பட்ட நான்கு இடங்களில் 28. வெட்டியவர் பிழையென்று சண்டை போட்டுவிட்டேன்.

ஜெயராணி எழுதியது:

இல்லைம்மா, வெட்டு சரிதான். முன்நடுவில் பாவு நேராக விழுந்தால் பின்நடுவிலும் அப்படியே விழும், இரு பக்கமும் ஊடு நேராக விழும். இவற்றுக்கு நடுவே நூல் சாய்ந்து விழும் இடங்கள் சரியாக நான்கு. உங்கள் பாவாடை இறங்கியதும் அந்த நான்கில்தான். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் வெட்டையோ இடுப்பின் ஏற்ற இறக்கத்தையோ சந்தேகப்படலாம். தொங்கவிடாமல் அன்றே மடித்துத் தைத்ததுதான் தவறு. துணியின் எடையில் நூல்கள் மெதுவாகத் திரும்பும். இறக்கிவைத்தாலும் உராய்வு பிடித்துக்கொள்வதால் முழுக்கப் பழைய நிலைக்கு வராது. அதனால் முதலிலேயே தொங்கவிட்டு, இறங்குவது இறங்கி முடிந்த பிறகு, உடுத்தி நிற்கவைத்துத் தரையிலிருந்து அளந்து வெட்ட வேண்டும். இடுப்பிலிருந்து அளந்தால் பழைய பிழைதான் திரும்ப வரும். இப்போதும் கீழ்மடிப்பைப் பிரித்து அப்படிச் சரிசெய்யலாம்.

சுந்தரம் எழுதியது:

பக்கச்சார்பை விட்டுவிடுகிறேன், எனக்குக் கேள்வி வேறாகப் புரிந்துவிட்டது. கைக்குட்டையில் பார்த்ததைக் கணக்குப் போட்டேன். நூல்களுக்கு இடையே உள்ள கோணம் 90 பாகையிலிருந்து 87 ஆனால் போதும், நீளம் ஏறக்குறைய 2.6 விழுக்காடு கூடும். 70 செ.மீ.க்கு 1.8 செ.மீ. பர்வீன் அளந்தது 2. மூன்று பாகைத் திருப்பம் கண்ணுக்கே தெரியாது.

மல்லிகா எழுதியது:

அருமை, இந்தக் கணக்கைக் கையேட்டின் ஓரத்தில் பெட்டியாகப் போட்டுவிடுவேன். சொல்லுக்கு வருவோம். சாய்நூல் என்றால் நூலிலேயே ஒரு வகை என்று படிப்பவர் நினைத்துக் கடையில் போய்க் கேட்பார். 'மூலைவாட்டம்' எப்படி? மூலைவாட்டில் மடி என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஜெயராணி எழுதியது:

வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முதல் முறை மட்டும் "தையல்காரர்கள் கிராஸ் என்பது" என்று சேர்த்துவிடுங்கள்.

ராகவன் எழுதியது:

மூலைவாட்டத்துக்கே என் வாக்கும். நெகிழ்வெட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

இளங்கோ எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. நீளத்துணியை மூலைக்கு மூலை மடித்தால் பயாஸுக்கு வேண்டிய 45 பாகை வராது. மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்றால் அந்தக் கோடு ஏறத்தாழ 18 பாகைதான். உங்கள் சொல்லே மாணவரைத் தவறான கோட்டில் மடிக்க வைக்கிறது. சாய்நூல் எந்தக் கோணத்துக்கும் பொருந்தும்.

ஜெயராணி எழுதியது:

இளங்கோ சொல்வது உண்மை, சிலர் அப்படி மடித்திருக்கிறார்கள். கரையைத் தூக்கி, ஊடு நூலோடு வெட்டிய விளிம்பின் மேல் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். அப்போது விழும் மடிப்புதான் 45.

மல்லிகா எழுதியது:

கரையை விளிம்பில் வைக்கும் அந்த வரியை மூலைவாட்டத்துக்கு அடுத்த வரியாகவே சேர்த்துவிட்டேன். கிரெயினுக்கு நூலோட்டம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

இளங்கோ எழுதியது:

சரி. ஆனால் 30 பாகையில் வெட்டிய துணியை அடுத்த பதிப்பில் என்னவென்று சொல்வீர்கள்? அதுவும் இறங்கும், கொஞ்சம் குறைவாக.